புது வயரிங் இல்லாமல் படுக்கையறைக்கு மூன்று அடுக்கு வெளிச்சம்

"லேயர் லைட்டிங்" என்று யாராவது சொன்னால் கேட்பவர் மனதில் பெரும்பாலும் இரண்டு படங்களில் ஒன்றுதான் வருகிறது. ஒன்று, ஃபால்ஸ் சீலிங் போட்டு, அதன் ஓரத்தில் மறைவாக விளக்கு ஓடவிட்டு, சுவரைக் குடைந்து பத்து சுவிட்ச் வைத்த அறை. இன்னொன்று, கட்டிலுக்குப் பின்னால் ஊதா நிறத்தில் ஒளிரும் ஒரு எல்.இ.டி. பட்டை. முதலாவதைப் பார்த்து "நமக்கு இது கட்டுப்படியாகாது" என்று விட்டுவிடுகிறார்கள். இரண்டாவதை வாங்கி ஒட்டிவிட்டு, ஒரு வாரம் கழித்துப் பழைய டியூப் லைட்டுக்கே திரும்பிவிடுகிறார்கள்.

இரண்டுமே விஷயத்தைத் தொடவில்லை. அடுக்கு என்பது விளக்குகளின் எண்ணிக்கையோ அவை இருக்கும் இடமோ அல்ல. ஓர் அறையில் வெளிச்சம் செய்ய வேண்டிய வேலைகள் மூன்று. அவற்றை ஒரே விளக்கின் தலையில் கட்டாமல் பிரித்துக் கொடுப்பதும், ஒவ்வொன்றையும் தனியாகப் போட்டு அணைக்க முடிவதும்தான் அடுக்கு. இதற்குச் சுவரை உடைக்க வேண்டியதில்லை. பிளக்கில் செருகும் விளக்குகளே போதும். ஆனால் அவற்றை எங்கே, எந்த உயரத்தில், எவ்வளவு வெளிச்சத்தோடு வைப்பது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

## மரத்தடியில் உட்கார்ந்து பாருங்கள்

பகலில் ஒரு பெரிய மரத்தின் நிழலில் உட்கார்ந்திருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். சூரியன் உங்கள் மேல் படவில்லை. ஆனாலும் இருட்டாக இல்லை. சுற்றியுள்ள வானம் முழுவதிலிருந்தும் வெளிச்சம் வந்து விழுகிறது. எல்லாத் திசையிலிருந்தும் வருவதால் அழுத்தமான நிழல் எதுவும் இல்லை, கண்ணும் கூசவில்லை. இதுதான் ஆம்பியன்ட், அதாவது பொது வெளிச்சம். நடமாடவும், எதிரில் இருப்பவர் முகத்தைப் பார்க்கவும் போதுமானது.

கையில் இருக்கும் புத்தகத்தின் எழுத்து பொடியாக இருக்கிறது. நாற்காலியை நிழலின் ஓரத்துக்கு நகர்த்தி, பக்கத்தின் மீது கூடுதல் வெளிச்சம் விழும்படி உட்காருகிறீர்கள். இது டாஸ்க், அதாவது வேலை வெளிச்சம். ஒரு குறிப்பிட்ட வேலைக்கு, குறிப்பிட்ட இடத்தில் மட்டும்.

அப்புறம், இலை இடுக்கு வழியாக ஒரு வெயில் துண்டு அடிமரத்தில் விழுந்திருக்கிறது. உங்களுக்கு அதனால் ஒரு பயனும் இல்லை. ஆனால் கண் அங்கேதான் போய் நிற்கிறது. இது ஆக்சென்ட். தமிழில் எடுப்பு வெளிச்சம் என்று சொல்லலாம், ஒன்றை எடுத்துக்காட்டுவதால்.

இந்த முப்பிரிவு புதிய மோஸ்தர் அல்ல. ரிச்சர்ட் கெல்லி என்ற அமெரிக்க ஒளியமைப்பாளர் 1952இலேயே ஏறக்குறைய இப்படி மூன்றாகப் பிரித்து எழுதியிருக்கிறார். அவருடைய மூன்றாவது வகை மினுமினுப்பை, அதாவது சரவிளக்கு, மெழுகுவர்த்தி போன்றவற்றின் துள்ளலைக் குறித்தது. அது மட்டும் இன்றைய ஆக்சென்டிலிருந்து கொஞ்சம் வேறுபடும்.

## கூரை விளக்கு ஏன் தோற்கிறது

இதைப் புரிந்துகொள்ள இரண்டு அளவுகள் தெரிந்தால் போதும். ஒரு பல்பு மொத்தமாகக் கக்கும் வெளிச்சத்தின் அளவு லூமன். ஒரு பரப்பின் மீது வந்து விழும் வெளிச்சத்தின் அளவு லக்ஸ். ஒரு சதுர மீட்டரில் ஒரு லூமன் விழுந்தால் ஒரு லக்ஸ்.

செடிக்குத் தண்ணீர் தெளிப்பதை நினைத்துக்கொள்ளுங்கள். குழாயிலிருந்து வரும் தண்ணீர் லூமன். மண் எவ்வளவு நனைந்தது என்பது லக்ஸ். பூவாளியை உயரத் தூக்கித் தெளித்தால் தண்ணீர் பரவி, எந்தச் செடிக்கும் போதாமல் போகும். வேருக்கு அருகில் பிடித்தால் கால்வாசித் தண்ணீரிலேயே வேலை முடியும்.

வெளிச்சத்தில் இந்த விளைவு இன்னும் கடுமையானது. தூரம் இரண்டு மடங்கானால் லக்ஸ் பாதியாகாது, நான்கில் ஒன்றாகும். கணக்குப் போட்டே பார்க்கலாம். 800 லூமன் தரும் 9 வாட் எல்.இ.டி. பல்பு கூரையில் இருக்கிறது. அதிலிருந்து 2 மீட்டர் கீழே உங்கள் புத்தகம். பல்பிலிருந்து நேராகப் புத்தகத்துக்கு வருவது சுமார் 16 லக்ஸ்தான். சுவரில் பட்டுத் திரும்புவதையும் சேர்த்தால் கொஞ்சம் கூடும், அவ்வளவே. இப்போது அதில் பாதியளவுள்ள 450 லூமன் பல்பைப் புத்தகத்திலிருந்து அரை மீட்டரில் வையுங்கள். சுமார் 140 லக்ஸ் விழுகிறது. பாதி வெளிச்சத்தில் ஒன்பது மடங்கு பலன். பல்பைச் சுற்றி உட்புறம் வெள்ளையான ஒரு ஷேட் இருந்து, வீணாகப் போகும் வெளிச்சத்தையும் கீழே திருப்பிவிட்டால் 300 லக்ஸைத் தொடலாம். சௌகரியமாகப் படிக்க அது போதும்.

கூரை விளக்கைக் கொண்டே புத்தகத்துக்கு 300 லக்ஸ் கொடுக்க முயன்றால் அறை முழுவதும் அலுவலகம் மாதிரி பளீரென்று ஆகிவிடும். பலரும் செய்வது இதுதான். "வெளிச்சம் பத்தலை" என்று சொல்லிக் கூரையில் இன்னும் அதிக வாட் பல்பு மாட்டுகிறார்கள். படிக்கும்போது பத்தாத அதே விளக்கு, படுத்ததும் தாங்க முடியாததாகிவிடுகிறது.

படுக்கையறைக்கென்றே இன்னொரு சங்கடமும் உண்டு. கூடத்திலும் சமையலறையிலும் நாம் நேராகப் பார்க்கிறோம். படுக்கையறையில் மட்டும்தான் மல்லாந்து கூரையைப் பார்க்கிறோம். மற்ற அறைகளில் பார்வைக்கு வெளியே இருக்கும் கூரை விளக்கு, இங்கே நேராகக் கண்ணுக்குள் இருக்கிறது.

இதுவரை பார்த்ததைச் சுருக்கினால்: பொது வெளிச்சம் பரவலாக, மென்மையாக இருக்க வேண்டும், வேலை வெளிச்சம் பக்கத்தில் இருக்க வேண்டும். இரண்டும் ஒன்றுக்கொன்று முரணான தேவைகள். அதனால்தான் ஒரே விளக்கால் இரண்டையும் செய்ய முடிவதில்லை.

## கண் பார்ப்பது வித்தியாசத்தை

மூன்றாவது அடுக்குக்கு வருவதற்கு முன் கண்ணைப் பற்றி ஒரு விஷயம். அது லக்ஸ் மீட்டர் அல்ல. எவ்வளவு வெளிச்சம் இருக்கிறது என்பதைவிட, பக்கத்தில் இருப்பதைவிட எவ்வளவு கூட, எவ்வளவு குறைவு என்பதைத்தான் அது கவனிக்கிறது. பகலில் எரியும் தெருவிளக்கு கண்ணில் படுவதே இல்லை. இரவில் அதே விளக்கு தெருவையே ஆள்கிறது.

ஒரு படமோ, செடியோ, சுவரின் ஒரு பகுதியோ எடுப்பாகத் தெரிய வேண்டுமானால் அது சுற்றுப்புறத்தைவிட மூன்று மடங்காவது வெளிச்சமாக இருக்க வேண்டும் என்பது ஒளியமைப்பாளர்கள் கைக்கொள்ளும் கணக்கு. அதற்குக் கீழே போனால் ஏதோ லேசாக வெளுத்த மாதிரி இருக்குமே தவிர, கண்ணை இழுக்காது. கட்டிலுக்குப் பின்னால் பட்டை ஒட்டியவர்களில் பலர் ஏமாந்தது இங்கேதான். மேலே டியூப் லைட் எரிகிறது. சுவரில் ஏற்கெனவே 100 லக்ஸ். பட்டை இன்னொரு 40 லக்ஸைச் சேர்க்கிறது. ஒன்றரை மடங்குகூட ஆகவில்லை. பட்டை சரியில்லை என்று இன்னும் பிரகாசமானதை வாங்குகிறார்கள். டியூப் லைட்டை அணைத்து, சுவரில் 20 லக்ஸ் மட்டும் விழும்படி பொது வெளிச்சத்தை இறக்கியிருந்தால், அதே 40 சேர்ந்து மூன்று மடங்காகியிருக்கும்.

எடுப்பு வெளிச்சத்தைக் கூட்டுவதற்கு மிகச் சுலபமான வழி, பொது வெளிச்சத்தைக் குறைப்பது. இந்த ஒரு வரி புரிந்துவிட்டால் மீதியெல்லாம் விளக்கு நகர்த்தும் வேலைதான்.

ஆனால் வித்தியாசத்துக்கு ஒரு மேல் எல்லையும் உண்டு. கும்மிருட்டில் புத்தகத்தின் மீது மட்டும் வெளிச்சம் இருந்தால், புத்தகத்திலிருந்து கண்ணை எடுக்கும்போதெல்லாம் கண் தன்னைத் திருத்திக்கொள்ள வேண்டியிருக்கும். கொஞ்ச நேரத்தில் அசதி வரும். படிக்கும்போதும் பொது வெளிச்சம் கொஞ்சமாவது எரியட்டும்.

## ஓர் அறையை எடுத்துக்கொள்வோம்

நீளம் 3.6 மீட்டர், அகலம் 3 மீட்டர். தரைப் பரப்பு சுமார் 11 சதுர மீட்டர். கூரை உயரம் 2.9 மீட்டர், வெள்ளைச் சுண்ணம். சுவர்கள் வெளிர் நிறம். ஒரு சுவரின் உச்சியில் 20 வாட் எல்.இ.டி. டியூப் லைட். நடுவில் சீலிங் ஃபேன். கட்டிலுக்கு அருகில் ஒரு பிளக், எதிர் மூலைக்கு அருகில் ஒரு பிளக். கட்டிலில் இரண்டு பேர். ஒருவர் இரவில் படிப்பவர், மற்றவர் சீக்கிரம் தூங்குபவர்.

முதலில் சொல்லிவிடுகிறேன்: டியூப் லைட்டைக் கழற்ற வேண்டாம். அறையைப் பெருக்கும்போதும், தொலைந்த கம்மலைத் தேடும்போதும், துணி மடிக்கும்போதும் அந்த 2000 லூமன் வேண்டும். அது நான்காவது விளக்காக இருந்துவிட்டுப் போகட்டும். மாலைக்குப் பிறகு அதைத் தொடாமல் இருக்க வேண்டும் என்பதுதான் நம் நோக்கம்.

## முதல் அடுக்கு: கூரையையே விளக்காக்குவது

மரத்தடி வெளிச்சம் மென்மையாக இருந்ததற்குக் காரணம், வானம் மிகப் பெரிய விளக்கு. விளக்கு பெரிதாக இருந்தால் நிழலின் ஓரம் கரைந்துவிடும். அறைக்குள் நம்மிடம் இருக்கும் மிகப் பெரிய வெள்ளைப் பரப்பு கூரை. ஒரு விளக்கைக் கூரையை நோக்கித் திருப்பிவிட்டால் கூரையே விளக்காகிவிடும். மேல் நோக்கி வெளிச்சம் வீசும் நிற்கும் விளக்குகள் இதற்கென்றே கிடைக்கின்றன. தரையில் நிற்கும், பிளக்கில் செருகினால் போதும்.

எத்தனை லூமன் வேண்டும்? மாலை நேரப் படுக்கையறைக்குச் சராசரியாக 50 லக்ஸ் போதும். 11 சதுர மீட்டருக்கு 50 என்றால் 550 லூமன். ஆனால் கூரையில் பட்டு, சுவரில் பட்டுக் கீழே வருவதற்குள் பாதிக்கு மேல் காணாமல் போய்விடும். எனவே ஏறத்தாழ 1200 லூமன். இது 12 வாட் பல்பு. கூரை வெள்ளையாக இல்லாமல் மரப்பலகையோ அழுத்தமான நிறமோ ஆக இருந்தால் இந்த வழியே எடுபடாது. வெளிச்சம் எல்லாவற்றையும் கூரை குடித்துவிடும். அந்த அறைகளில் கூரைக்குப் பதிலாக வெளிர்நிறச் சுவரை நோக்கி விளக்கைத் திருப்ப வேண்டும்.

உயரம் முக்கியம். விளக்கின் வாய் தரையிலிருந்து 1.7 அல்லது 1.8 மீட்டரில் இருக்கட்டும். அதைவிடத் தாழ்வாக இருந்தால் நடந்து போகும்போது உள்ளே இருக்கும் பல்பு கண்ணில் குத்தும். கூரைக்கு மிக அருகில் போனாலும் தப்பு. அங்கே தட்டளவு பளீர் வட்டம் விழுமே தவிர, வெளிச்சம் பரவாது.

அப்புறம் ஃபேன். இதைப் பெரும்பாலும் யாரும் சொல்வதில்லை. நான் முதலில் இந்த விளக்கை அறையின் நடுவுக்கு அருகில், கட்டில் பக்கத்தில் வைத்தேன். ஃபேனைப் போட்டதும் அறை முழுவதும் நிழல் படபடவென்று அடித்தது. ஃபேனின் இறக்கைகள் விளக்குக்கும் கூரைக்கும் நடுவே புகுந்து வெளிச்சத்தை வெட்டிக்கொண்டிருந்தன. எதிர் மூலைக்குத் தள்ளியதும் சரியாகிவிட்டது. நம் அறையிலும் எதிர் மூலைப் பிளக்குதான் இதற்கான இடம். மூலையில் வைப்பதில் இன்னொரு லாபம், கூரையோடு இரண்டு சுவர்களும் சேர்ந்து வெளிச்சத்தைத் திருப்பித் தரும்.

நிற்கும் விளக்குக்கு இடமே இல்லையென்றால், ஏற்கெனவே இருக்கும் பல்பு ஹோல்டரில் மங்கலாக்கக்கூடிய ஸ்மார்ட் பல்பை மாட்டலாம். இதுவும் வயரிங் இல்லாத வேலைதான். ஆனால் மேலிருந்து கண்ணுக்குள் அடிக்கும் தொல்லை அப்படியேதான் இருக்கும், கொஞ்சம் மங்கலாக.

## இரண்டாவது அடுக்கு: படிப்பவருக்கு மட்டும்

இங்கே அதிகம் தவறுவது உயரத்தில். படுக்கை அருகே வைக்கும் மேஜை விளக்கை அழகு பார்த்து வாங்குகிறோம். அது எவ்வளவு உயரம் என்று பார்ப்பதில்லை.

நம் அறையில் மெத்தையின் மேற்பரப்பு தரையிலிருந்து 55 செ.மீ. தலையணையில் சாய்ந்து உட்கார்ந்தால் கண் அதிலிருந்து இன்னும் 65 செ.மீ. மேலே, ஆக 120 செ.மீ. புத்தகம் மார்புக்கு நேராக, சுமார் 95 செ.மீ. உயரத்தில். பக்க மேஜையும் 55 செ.மீ. அதன் மேல் ஒரு குட்டி விளக்கு, ஷேட்டின் கீழ் விளிம்பு மேஜையிலிருந்து 25 செ.மீ. உயரத்தில். அதாவது தரையிலிருந்து 80 செ.மீ. புத்தகமே அந்த விளிம்புக்கு மேலே இருக்கிறது! விளக்கு மேஜையை அருமையாகக் காட்டும், தண்ணீர்ச் சொம்பு பளபளக்கும். புத்தகத்துக்கு ஒன்றும் வராது.

ஷேட்டின் கீழ் விளிம்பு, உட்கார்ந்திருப்பவரின் கண் உயரத்துக்கு ஏறக்குறைய சமமாக, ஓரிரு விரல் தாழ்வாக இருக்க வேண்டும். அதைவிட மேலே போனால் பல்பு கண்ணில் தெரியும், கீழே போனால் புத்தகத்துக்கு வெளிச்சம் வராது. 115 செ.மீ. உயரத்தை மேஜை விளக்கால் எட்டுவது கடினம். இரண்டு வழிகள். ஒன்று, கட்டில் தலைப்பலகையில் கவ்விக்கொள்ளும் கிளிப் விளக்கு, வளையும் கழுத்தோடு. மற்றொன்று, பிளக் வைத்த சுவர் விளக்கு. பார்க்க வயரிங் செய்த சுவர் விளக்கு மாதிரியே இருக்கும். ஆனால் ஓர் ஆணியிலோ திருகிலோ மாட்டி, வயரைச் சுவரோரமாகக் கீழே இறக்கி, பிளக்கில் செருகிவிடலாம். வயரை மூட ஒட்டும் பிளாஸ்டிக் பட்டி கிடைக்கிறது. அதற்கும் சுவரின் நிறத்தையே அடித்துவிட்டால் கண்ணில் படாது.

நம் வீட்டில் ஒருவர் தூங்குபவர் என்பதால் கிளிப் விளக்கைத் தேர்ந்தெடுக்கிறேன். அதன் வாய் குறுகலானது, வெளிச்சம் படிப்பவர் பக்கமே விழும். விளக்கு தோளுக்குப் பின்னாலும் பக்கவாட்டிலும் இருக்கட்டும். முன்னாலிருந்து அடித்தால் வழவழப்பான தாளில் பட்டு நேராகக் கண்ணுக்கே திரும்பும். நேர் பின்னாலிருந்தால் உங்கள் தலையின் நிழல் புத்தகத்தின் மீது விழும்.

450 லூமன் போதும் என்று முன்பு பார்த்தோம். அது இளம் கண்ணுக்கு. வயது ஏற ஏறக் கண்ணின் லென்ஸ் மஞ்சளாகி, கண்பாப்பாவும் சிறுத்துவிடும். 60 வயதில் விழித்திரைக்குப் போய்ச் சேருவது 20 வயதில் சேர்ந்ததில் சுமார் மூன்றில் ஒரு பங்குதான். வயதானவர் படிப்பதானால் பல்பை மாற்றுவதைவிட விளக்கை இன்னும் பக்கத்தில் இழுப்பது நல்லது. 50 செ.மீ. தூரத்தை 35 ஆக்கினாலே வெளிச்சம் இரட்டிப்பாகும்.

## மூன்றாவது அடுக்கு: கொஞ்சம் போதும்

மற்ற இரண்டும் தேவைக்கு, இது பார்வைக்கு. ஓர் அறையில் ஒன்று, மிஞ்சிப்போனால் இரண்டு. எல்லாவற்றையும் எடுத்துக்காட்டினால் எதுவும் எடுப்பாக இருக்காது.

எங்கே வைப்பது என்று தெரியவில்லை என்றால், கதவைத் திறந்ததும் கண் எங்கே போகிறது என்று பாருங்கள். பெரும்பாலும் கட்டிலின் தலைமாட்டுச் சுவர்தான். அங்கே 5 வோல்ட் யு.எஸ்.பி. பட்டை ஒன்று போதும், தொலைபேசி சார்ஜரிலேயே ஓடும். தலைப்பலகையின் பின்பக்கத்தில், மேல் விளிம்பிலிருந்து 5 செ.மீ. கீழே ஒட்டுங்கள். விளிம்பிலேயே ஒட்டினால் படுத்திருப்பவர் கண்ணில் புள்ளி புள்ளியாகப் பல்புகள் தெரியும். பலகைக்கும் சுவருக்கும் இடையே கொஞ்சம் இடைவெளி வேண்டும். ஒட்டி உரசிக்கொண்டிருந்தால் வெளிச்சம் சுவரைச் சாய்வாகத் தடவிப் போகும். பூச்சின் மேடு பள்ளம் ஒவ்வொன்றும் நிழல் விட்டுத் தெரியும்.

இரண்டு குறைகள் அடிக்கடி வரும். நீளமான 5 வோல்ட் பட்டையில் கடைசிப் பகுதி மங்கலாகும். பட்டையில் உள்ள மெல்லிய செம்பு வழியே போகப்போக மின்னழுத்தம் குறைவதுதான் காரணம். பட்டையைச் சுருக்கிக்கொள்ளுங்கள், குறியிட்ட இடத்தில் மட்டும் வெட்டலாம். இன்னொன்று, நள்ளிரவில் பட்டை கழன்று தலையில் விழுவது. எங்கள் வீட்டில் இரண்டு முறை நடந்தது. சுண்ணாம்புச் சுவரில் பசை சரியாக நிற்காது, மரத்தில் நிற்கும். ஒட்டுமுன் மரத்தைத் தூசி போகத் துடைத்துக் காயவிட வேண்டும்.

பட்டையே பிடிக்காதவர்கள், ஒரு சின்ன விளக்கை இலைகள் விரிந்த செடித்தொட்டிக்குப் பின்னால் தரையில் வைத்துச் சுவரை நோக்கித் திருப்பலாம். 150 லூமன் போதும். எனக்குப் பட்டையைவிட இதுதான் பிடிக்கும். பேட்டரியில் ஓடும் ஒட்டு விளக்குகளை நான் பரிந்துரைக்க மாட்டேன். முழு வெளிச்சத்தில் சில மணி நேரத்திலேயே மங்க ஆரம்பித்துவிடும். அந்த மங்கலோடு நம் மூன்று மடங்குக் கணக்கும் போய்விடும்.

ஆக, நம் அறையில் இப்போது: எதிர் மூலையில் 1200 லூமன் கூரை நோக்கி, தலைப்பலகையில் 450 லூமன் கிளிப் விளக்கு, அதன் பின்னால் ஒரு பட்டை. மூன்றும் சேர்ந்து 25 வாட்டுக்குள்.

## எல்லாம் ஒரே நிறத்தில்

பல்புப் பெட்டியில் 2700K, 4000K, 6500K என்று எழுதியிருக்கும். அது கெல்வின், வெளிச்சத்தின் நிறத்தைச் சொல்லும் அளவு. இரும்பைக் காய்ச்சினால் முதலில் சிவக்கும், பிறகு மஞ்சளாகும், பிறகு வெளுக்கும். அதே வரிசைதான் இதுவும். எண் ஏற ஏற நிறம் மஞ்சளிலிருந்து நீலம் கலந்த வெள்ளைக்குப் போகும்.

படுக்கையறையின் மூன்று அடுக்குக்கும் 2700 கெல்வின் வாங்குங்கள். மாலையில் நீலம் கலந்த பிரகாசமான வெளிச்சம், தூக்கத்துக்கு உடலைத் தயார்படுத்தும் மெலடோனின் சுரப்பைத் தள்ளிப்போடும் என்பது ஒரு காரணம். இன்னொன்று பார்வை சம்பந்தமானது. மஞ்சள் வெளிச்சத்துக்குப் பழகிய அறையில் ஒரு 6500 பல்பு மட்டும் எரிந்தால் அது வெள்ளையாகத் தெரியாது, நீலமாகத் தெரியும். அப்போது நீங்கள் திட்டமிடாத ஓர் எடுப்பு வெளிச்சம் உருவாகிவிடும், பெரும்பாலும் தவறான இடத்தில்.

## சுவிட்சுகள்

மூன்று விளக்கையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பெட்டியில் செருகி, அதன் ஒரே சுவிட்சால் மூன்றையும் சேர்த்துப் போட்டால் அடுக்கு போச்சு. மறுபடியும் ஒரே விளக்குதான், மூன்று பாகமாக. ஒவ்வொன்றும் தனியாக இயங்க வேண்டும். படிக்கும் விளக்கின் சுவிட்ச் படுத்தபடியே கை எட்டும் இடத்தில் இருக்க வேண்டும்.

மூலை விளக்குக்காகக் கட்டிலை விட்டு எழுந்து போக யாரும் விரும்ப மாட்டார்கள். அதற்கு ரிமோட்டில் இயங்கும் பிளக் வாங்கலாம். ஒரு எச்சரிக்கை: தொட்டால் எரியும் விளக்குகள் சில, மின்சாரம் போய் வந்தால் அணைந்த நிலைக்கே திரும்பிவிடும். அவற்றை இந்தப் பிளக்கால் போட முடியாது. எரிந்துகொண்டிருக்கும் விளக்கின் பிளக்கைப் பிடுங்கிச் செருகினால் அது தானாக எரிகிறதா என்று பாருங்கள். எரிந்தால் பொருந்தும்.

அதே விளக்கில் ஸ்மார்ட் பல்பை மாட்டினால் மங்கலாக்கவும் முடியும். அப்படிச் செய்தால் ரிமோட் பிளக் வேண்டாம், விளக்கின் சுவிட்சும் எப்போதும் போட்ட நிலையிலேயே இருக்க வேண்டும். யாராவது பழக்கத்தில் அணைத்துவிட்டால் பல்புக்கு மின்சாரமே இருக்காது, தொலைபேசியில் எவ்வளவு தட்டினாலும் எரியாது. மங்கலாக்கும்போது தொலைபேசி காட்டும் சதவீதத்தை நம்ப வேண்டாம். உண்மையான வெளிச்சம் நான்கில் ஒன்றாகக் குறைந்தால்தான் கண்ணுக்குப் பாதியாகத் தெரியும். அதனால் தூங்கும் நேரத்துக்குத் தயக்கமில்லாமல் நன்றாகவே இறக்குங்கள். சாதாரண எல்.இ.டி. பல்பை டிம்மரோடு சேர்த்தால் மினுக்கும், சில சமயம் ரீங்கரிக்கும். பெட்டியில் டிம்மருக்கு ஏற்றது என்று எழுதியிருக்க வேண்டும்.

## வயர்

25 வாட் எந்தப் பெட்டியையும் சுட வைக்காது. சுமையால் ஆபத்தில்லை, வயர் நசுங்குவதால்தான் ஆபத்து. கட்டிலை நகர்த்தும்போது காலுக்கு அடியில் மாட்டிக்கொள்ளும். விரிப்புக்கு அடியில் ஓடும் வயரை நாள்தோறும் மிதித்தால் உள்ளே கம்பி அறுந்து அந்த இடம் சூடாகும், விரிப்பு அதை மறைத்துக்கொண்டிருக்கும். சுவரோரமாகவே கொண்டுபோங்கள். ஒரு எக்ஸ்டென்ஷனில் இன்னொரு எக்ஸ்டென்ஷனைச் செருக வேண்டாம். அதே பெட்டியில் இஸ்திரிப் பெட்டியோ ஹீட்டரோ செருகினால் மேலே சொன்ன கணக்கெல்லாம் செல்லாது. பழைய நிற்கும் விளக்கு கைக்கு வந்தால் அதில் ஹாலஜன் பல்பு இருக்கிறதா என்று பாருங்கள். அவை திரைச்சீலையைப் பற்றவைக்கும் அளவுக்குக் கொதிக்கும்.

## வாங்குமுன் ஒரு சோதனை

இருட்டியதும் டியூப் லைட்டை அணைத்துவிட்டு, வீட்டில் இருக்கும் ஏதாவது ஒரு மேஜை விளக்கின் ஷேட்டைக் கழற்றி, எதிர் மூலையில் ஓர் உயரமான அலமாரி மேல் வையுங்கள். பல்பு கண்ணில் படாதபடி முன்னால் ஓர் அட்டையை நிறுத்துங்கள், பல்பைத் தொடாமல். கட்டிலில் மல்லாந்து படுத்துப் பாருங்கள். நேராக எந்தப் பல்பும் தெரியக்கூடாது. எழுந்து சாய்ந்து உட்காருங்கள். தொலைபேசியின் டார்ச்சை ஒரு வெள்ளைத்தாளால் மூடி, தோளுக்குப் பின்னால் யாரையாவது பிடிக்கச் சொல்லி, புத்தகத்தைத் திறங்கள். கையைப் புத்தகத்துக்கு மேலே ஒரு சாண் உயரத்தில் நீட்டினால் நிழல் எந்தப் பக்கம் விழுகிறது என்று தெரியும். எழுத்தின் மீது விழாத கோணம் கிடைக்கும்வரை டார்ச்சை நகர்த்தச் சொல்லுங்கள். கிடைத்ததும் அந்த இடத்தில் சுவரில் பென்சிலால் ஒரு புள்ளி வையுங்கள், தரையிலிருந்து அதன் உயரத்தை அளந்துகொள்ளுங்கள். கடைக்குப் போகும்போது அந்த எண்ணைக் கையில் எடுத்துச் செல்லுங்கள்.